வீட்டு வேலையைப் பங்கு பிரிக்கும்போது எங்கே சறுக்குகிறது?

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சு வந்துவிடும். தாளை எடுத்து வேலைகளை எழுதி, இது உனக்கு அது எனக்கு என்று பிரிப்பார்கள். மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி மனைவி தலையில் வந்து விழும். அப்போது ‘ஆம்பளைங்களே இப்படித்தான்’ என்றோ ‘இவளுக்கு எது செஞ்சாலும் பத்தாது’ என்றோ முடித்துக்கொள்கிறார்கள். பிரித்த விதத்திலேயே கோளாறு இருந்ததை யாரும் பார்ப்பதில்லை.

பேச வசதியாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அம்பத்தூரில் இருக்கிறது. மனைவிக்கு வங்கியில் வேலை, காலை 8.45க்குக் கிளம்புவார். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை, 7.10க்குக் கம்பெனி பஸ், திரும்பிவர இரவு 7 மணி. மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு ஒன்றே கால் வயது. கணவரின் அம்மா கூடவே இருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு.

எண்ணிக்கை சமம், நேரம் சமமில்லை

இந்த வீட்டின் பட்டியலில் கணவர் பக்கம் ஒன்பது வேலைகள்: கரண்ட் பில், சிலிண்டர் பதிவு, தண்ணீர் கேன், பைக் சர்வீஸ், பள்ளிக் கட்டணம், ஞாயிறு கறி காய்கறி, ரேஷன், இன்ஷூரன்ஸ், ஏதாவது ரிப்பேர் என்றால் ஆள் கூப்பிடுவது. மனைவி பக்கமும் ஒன்பது: காலைச் சமையல், டிபன் பாக்ஸ், மகளைக் கிளப்புவது, மகனுக்கு ஊட்டுவது, இரவுச் சாப்பாடு, பாத்திரம், துணி, வீட்டுப்பாடம், தூங்க வைப்பது. ஒன்பதுக்கு ஒன்பது. தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

இப்போது நேரத்தைப் போட்டுப் பாருங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து நிமிடம். கணவர் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் வந்தால் அதிகம். மனைவிக்குக் காலை 5.15லிருந்து 8.30 வரை ஒரு பாடு, மாலை 6.45லிருந்து 10 வரை இன்னொரு பாடு. வார நாட்களில் மட்டுமே 30 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

நேர அளவைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கணவரின் ஒன்பதும் தள்ளிப்போடக் கூடியவை. ‘சனிக்கிழமை பாத்துக்கலாம்’ என்றால் எதுவும் கெட்டுப்போகாது. மனைவியின் ஒன்பதும் கடிகாரத்தோடு கட்டிப்போட்டவை. பசியில் அழும் குழந்தையிடமும், 8.10க்கு வந்து நிற்கும் பள்ளி வேனிடமும் நாளைக்கு என்று சொல்ல முடியாது. அலுவலகத்தில் மாலைக் கூட்டத்துக்கு யார் இருக்க முடியும், யார் பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கட்டிப்போட்ட மணி நேரங்கள் யாருடையவை என்பதில்தான் தீர்மானமாகிறது.

நாடு முழுக்கவும் இதே கதைதான். 2019இல் நடந்த அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 26 பேர். பெண்கள் 81 பேர். செய்தவர்களை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தாலும் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. ‘நான் வீட்டு வேலை செய்யறேனே’ என்று சொல்லும் ஆண் பொய் சொல்லவில்லை. அந்த 97 நிமிடத்தில் இருக்கிறார்.

ஆகவே வேலைகளை எழுதும் முன் ஒரு வாரம் நேரத்தை எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், தள்ளிப்போட முடியுமா முடியாதா. பிரிக்க வேண்டியது தள்ளிப்போட முடியாத பகுதியைத்தான். நம் அம்பத்தூர் வீட்டில் கணவரால் 7.10க்கு மேல் காலையில் எதுவும் செய்ய முடியாது, அது உண்மை. ஆனால் 5.30லிருந்து 7 வரை அவர் வீட்டில்தான் இருக்கிறார். காய் நறுக்கி, மகளை எழுப்பிக் குளிப்பாட்டிச் சீருடை போட்டுவிடும் வரை அவர் பொறுப்பு என்று வைக்கலாம். 7.10க்கு மேல் செய்ய முடியாததற்கு ஈடாக இரவு 7.30க்கு மேல் அடுக்களை, மறுநாள் புத்தகப் பை, மகனைத் தூங்க வைப்பது மூன்றும் அவருடையவை. காலை அடுப்பும் வேனில் ஏற்றுவதும் மனைவிக்கு. கரண்ட் பில், சிலிண்டரை யார் பார்த்தாலும் ஒன்றுதான். அதற்காக வாக்குவாதமே வேண்டாம்.

கையை மாற்றிவிட்டு, நினைப்பை வைத்துக்கொள்வது

அடுத்த சறுக்கல் இட்லி மாவில் நன்றாகத் தெரியும். ‘மாவு இனிமே நான் அரைக்கிறேன்’ என்கிறார் கணவர். நடப்பது என்ன? அரிசியும் உளுந்தும் இருக்கிறதா என்று மனைவி பார்க்கிறார். நாலுக்கு ஒன்று அளந்து ஊறப்போடுகிறார். ‘ஊறிடுச்சு, அரைங்க’ என்று ஞாபகப்படுத்துகிறார். கணவர் கிரைண்டரைப் போடுகிறார். உப்பு போட்டுக் கரைத்து, பொங்கி வழியாத பாத்திரமாகப் பார்த்து ஊற்றி, கல்லைக் கழுவி, காலையில் ஃபிரிட்ஜில் எடுத்து வைப்பது மறுபடி மனைவி. கணவர் கணக்கில் ஒரு வேலை ஏறிவிட்டது. மனைவிக்கு முக்கால் வேலை அப்படியே இருக்க, ஞாபகப்படுத்தும் வேலையும் புதிதாகச் சேர்ந்தது.

ஒரு வேலையைக் கொடுத்தால் முதலிலிருந்து கடைசி வரை கொடுக்க வேண்டும். மாவு கணவருடையது என்றால் உளுந்து தீர்ந்ததைக் கவனிப்பதும் அவரே. ஞாயிறு மதியம் ஊறவைத்து மாலையில் அரைத்தால் திங்கள் காலை இட்லி, மார்கழிக் குளிரில் புளிக்க இன்னும் நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அவர் தலையில் ஓட வேண்டியவை. வார நடுவில் மதியம் ஊறவைக்க அவர் வீட்டில் இல்லை, அதனால் புதன்கிழமைக்குக் கடை மாவு வாங்குவது என்று அவர் முடிவெடுத்தால் அது அவருடைய முடிவு. கடை மாவா என்று முகம் சுளிக்க வேறு யாருக்கும் உரிமையில்லை.

உண்மையில் வேலை கைமாறியதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: மனைவி ஐந்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போகும்போது குறிப்பு எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தால், மாறவில்லை.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவது ‘சரியா செய்யலை’ என்ற சண்டை. இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கும். மகளின் பின்னல் கோணலாக இருக்கிறது என்று மனைவி வாங்கி மறுபடி பின்னினால், அடுத்த நாளிலிருந்து அந்த வேலை மனைவியுடையது. இன்னொரு பக்கம், அரைகுறையாகச் செய்தால் நம்மிடம் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தே அரைகுறையாகச் செய்யும் ஆண்களும் உண்டு. இரண்டையும் தவிர்க்க, எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பால் பாட்டிலைக் கொதிநீரில் போடுவது, வேன் நேரம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை: இவற்றில் சமரசம் இல்லை. பின்னல், துணி மடிக்கும் விதம், சாம்பாரின் பதம்: செய்பவர் இஷ்டம். முதல் ஒரு மாதம் கருத்து சொல்லாமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த மாதத்தில்தான் கை பழகும்.

பள்ளியிலிருந்து போன் வந்தால்

எல்லாம் நன்றாகப் பிரித்துவிட்டதாக நினைக்கும் வீடுகளும் கோட்டை விடுவது லீவில். மகளுக்குக் காய்ச்சல், அழைத்துப் போங்கள் என்று காலை 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். யாருக்கு வரும்? சேர்க்கைப் படிவத்தில் யார் எண் முதலில் இருக்கிறதோ அவருக்கு. பெரும்பாலும் அம்மா எண். வருஷக் கடைசியில் அம்மாவின் தற்செயல் விடுப்பு முழுக்கக் காலி, அப்பாவுடையது அப்படியே மிச்சம்.

படிவத்தில் அப்பா எண்ணை முதலில் மாற்றிக்கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் அவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒருமுறை இவர், அடுத்தமுறை அவர் என்று முறை வைக்கலாம். தடுப்பூசியை மொத்தமாக ஒருவரிடம் விடுவது நல்லது. மகனுக்கு 16 மாதத்துக்கு மேல் போட வேண்டிய ஊசிகள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமைதான் ஊசி நாள். அதாவது யாராவது வேலை நாளில் விடுப்பு எடுத்தாக வேண்டும். அட்டையைக் கையில் வைத்திருப்பவரே தேதி பார்த்து, விடுப்பு சொல்லி, கூட்டிப்போய், அன்று இரவு காய்ச்சலுக்கும் விழித்திருப்பார்.

அம்மாவிடம் யார் பேசுவது

மரபு என்று பொதுவாகச் சொல்கிறோம்; நடைமுறையில் அது கணவரின் அம்மா உருவில் அடுக்களை வாசலில் நின்று ‘ஏண்டா, அவ எங்க போனா?’ என்று கேட்கும். பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையையும் மருமகளிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் என்ன சொன்னாலும் ‘என் பிள்ளையை வேலை வாங்குறா’ என்றுதான் காதில் விழும்.

பேச வேண்டியவர் மகன். அப்போதும் ‘அவதான் செய்யச் சொன்னா’, ‘அவளுக்கு முடியலையாம்’ என்று சொன்னால் காரியம் கெட்டது. “இது என் வேலைம்மா, இனிமே ராத்திரி அடுப்படி நான்தான். உனக்கு எத்தனை தோசை?” போதும். விளக்கம் வேண்டாம். விளக்கினால் விவாதம் வரும். உறவினர் வந்திருக்கும் நாளில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்தில் போய் உட்காராமல் இருந்தால் அம்மாவுக்கும் தெரிந்துவிடும், இது நாலு நாள் கூத்து இல்லை என்று.

அம்மா பக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் கணக்கில் இதுவரை வராத ஒன்று: காலை 8.45லிருந்து மாலை வரை ஒன்றே கால் வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது முழங்கால் வலி உள்ள அந்த அம்மா. தினம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ‘நாங்க ரெண்டு பேரும் சமமா பிரிச்சுக்கிட்டோம்’ என்று பெருமைப்படும் வீடுகளில் பாதி, ஒரு பாட்டியின் முதுகில்தான் நிற்கிறது. அவர் நேரத்தையும் தாளில் எழுதுங்கள். மதியம் மூன்று மணி நேரத்துக்கு உதவிக்கு ஆள் வைக்க முடியுமா, அல்லது அலுவலகத்தில் குழந்தைக் காப்பகம் உண்டா என்று பாருங்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அந்த வசதி கட்டாயம். ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் பொதுக் கணக்கிலிருந்து போகட்டும். ‘உன் வேலையைக் குறைக்கத்தானே, உன் சம்பளத்துல குடு’ என்றால் அந்த வேலை இன்னமும் மனைவியுடையது என்று அர்த்தம்.

சம்பள விகிதப்படி வேலையைப் பிரிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மனைவி அதிகம் சம்பாதிக்கும் வீடுகளில் இந்த யோசனையை யாரும் முன்வைப்பதில்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தை ஒப்பிடுங்கள்: வாரத்தில் யாரும் கூப்பிடாத மணி நேரம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று.

ஜூனில் பள்ளி திறக்கும்போதும், ஷிப்ட் மாறும்போதும் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். சண்டை சூடாக இருக்கும் இரவில் வேண்டாம். இருவரும் சாப்பிட்டுவிட்ட ஒரு பகலில் உட்காருங்கள்.

இவ்வளவும் பேசினால் பேச்சு எடுபடும் வீடுகளுக்குத்தான். கேட்டதற்கு அடி விழுகிறது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், வேலையை விடச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்றால் அங்கே பட்டியல் போடுவது வீண். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பணத்தைப் பறித்துக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181; எந்த நேரமும் அழைக்கலாம்.