பார்சல் டப்பாவின் அடியைப் போட்டோ எடுத்துப் படிப்பது எப்படி?

சாம்பாரோ குருமாவோ வந்த பார்சல் டப்பாவைக் கழுவி அடுக்கி வைக்கிறோம். அதில் மறுபடி என்ன போடலாம் என்பதைப் பாதி அடியிலுள்ள முத்திரை சொல்லும், மீதியை டப்பாவின் இப்போதைய நிலை சொல்லும். முத்திரை பெரும்பாலும் நிறமே இல்லாத சின்னப் புடைப்பு. அதனால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் சுலபம்.

1. போட்டோ எடுப்பது

டப்பாவை ஈரம் போகத் துடைத்து, கருநிறத் துணிமேல் கவிழ்த்து வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் நேராக விழுந்தால் புடைப்புக்கு நிழல் விழாது, எழுத்து மறைந்துவிடும். இன்னொரு போனின் டார்ச்சை மேஜையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் விழுந்து எண் எழும்பி நிற்கும். டார்ச்சை வேறு திசைக்கு மாற்றி இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தொட்டு முத்திரைமேல் தேய்த்து, மேலாக ஒருமுறை துடையுங்கள். எழுத்தோரங்களில் பவுடர் தங்கி வரிவடிவம் தெரியும். எடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

எப்போதும் வெளிப்பக்கமிருந்தே எடுங்கள். மறுபக்கம் தெரியும் நிறமற்ற டப்பாவை உள்பக்கமிருந்து எடுத்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். அப்போது 2 பார்வைக்கு 5 மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் எண்ணுக்குக் கீழே உள்ள எழுத்தைப் பாருங்கள், அது பிளாஸ்டிக் வகையின் சுருக்கப் பெயர்: 5 என்றால் PP, 2 என்றால் HDPE. PP-யின் வயிறு இடப்பக்கம் பார்த்திருந்தால் படம் மாறியிருக்கிறது.

2. எண்ணைப் படிப்பது

முக்கோணத்துக்குள் இருக்கும் எண் மட்டுமே பிளாஸ்டிக்கின் வகை. தனியாக நிற்கும் 8, 12 போன்றவை பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண். நடுவில் அம்பு வைத்த சிறு வட்டம் இருந்தால் அது தயாரித்த மாதத்தையோ வருடத்தையோ காட்டுவது. இந்த முக்கோண எண்களை 1988-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் நிறுவனங்களின் சங்கம் கொண்டுவந்தது, குப்பையில் வகை பிரிப்பதற்காக. ஆகவே 5 என்று இருப்பதாலேயே உணவுக்கு ஏற்றது என்று ஆகாது. பெயிண்ட் வாளியின் அடியிலும் 5 இருக்கலாம்.

3. கிளாஸும் முள்கரண்டியும்

உணவு படலாம் என்பதற்கு அடையாளம், ஒயின் கிளாஸும் முள்கரண்டியும் சேர்ந்த குறி. ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த குறி இது. அட்டைப்பெட்டியில் கிளாஸ் மட்டும் தனியாக இருந்தால் அது 'உடையும், பார்த்துத் தூக்கு' என்று சொல்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளாஸ்-முள்கரண்டி எவ்வளவு சூடு தாங்கும், எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று சொல்லாது. மைக்ரோவேவுக்கு அலைக்கோடுகள் போட்ட தனிக் குறி வேண்டும். நம் ஊரில் இந்தக் குறி இல்லாமலும் உணவு டப்பாக்கள் வருகின்றன. அப்போது முதலில் அதில் என்ன வந்தது என்று பாருங்கள். உணவு தவிர வேறெது வந்திருந்தாலும், எண் என்னவாக இருந்தாலும், சமையலறைக்கு வேண்டாம்.

4. ஒரு டப்பாவை முடிவு செய்வோம்

குருமா வந்த கறுப்பு டப்பா, உள்ளே தெரியும் நிறமற்ற மூடி. அடியில் முக்கோணத்துக்குள் 5, கீழே PP, பக்கத்தில் கிளாஸ்-முள்கரண்டி, தனியாக ஒரு 12. டப்பாவைப் பார்த்ததோடு நிறுத்தாமல் மூடியையும் போட்டோ எடுக்க வேண்டும், பலரும் தவறவிடுவது இதைத்தான். இந்த மூடியில் முக்கோணத்துக்குள் 1, கீழே PET.

PP சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே ஆறிய பொரியல், பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் போடலாம், ஃபிரிட்ஜிலும் வைக்கலாம். தாளித்த எண்ணெயை அடுப்பிலிருந்து நேராக ஊற்றக்கூடாது. எண்ணெய் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், டப்பா அந்த இடத்திலேயே குழிந்துபோகும். PET மூடியோ சுமார் 70 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஆவி பறக்கும் சோற்றை மூடினால் மூடி வளைந்து, அடுத்த முறை சரியாகப் பொருந்தாது. எனவே சூடு ஆறிய பிறகே மூட வேண்டும். டப்பாவை மைக்ரோவேவில் வைப்பதற்கு அலைக்குறி இல்லை, அதனால் வேண்டாம்.

மூடியில் 1-க்குப் பதில் 6 இருந்தால் அது பாலிஸ்டைரீன், PS. சூடான, எண்ணெய்ப்பசையுள்ள உணவுக்கு ஆகாது, எளிதில் விரிசல் விடவும் செய்யும். அந்த மூடியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக, அதே டார்ச்சை டப்பாவின் உள்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். மஞ்சள் கறை மட்டும் இருந்தால் பரவாயில்லை, அது நிறம் ஊறியது. ஸ்கிரப்பர் கீறல்கள் நிறைய இருந்தாலோ, மடிப்பு ஓரம் வெளுத்து விரிசல் கண்டிருந்தாலோ, கழுவிக் காய்ந்த பிறகும் பழைய வாடை அடித்தாலோ, அதை இனி ஆணி, பட்டன் போட்டுவைக்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.