இன்வெர்ட்டர் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்: ஆக்சிஜன் மெஷின் ஓடும் வீடுகளில் நடக்கும் தவறுகள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் முந்தைய இரவு ஒன்பதரை மணிக்கே கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். தினமும் 16 மணி நேரம், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது, அவசரத்துக்கு ஒரு சிறிய சிலிண்டரும் இருந்தது. எல்லாம் தயார் என்றுதான் நினைத்திருந்தோம்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. சிலிண்டரைத் திறந்தால் மீட்டர் முள் 60-இல் நிற்கிறது. வெளியே காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. விடியும் நேரத்தில் சிலிண்டரும் தீர்ந்தது. அம்மா முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 79 காட்டியது. தெருவில் விழுந்து கிடந்த மரங்களைத் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அறுத்து வழிவிட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. அம்மா பிழைத்தார். அன்று நாங்கள் செய்த தவறுகளை இன்றும் பல வீடுகளில் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்காமல் இருந்தது. வீடுகளில் பரவலாக இருப்பது ஒற்றை 150 ஏ.எச். பேட்டரி. இரண்டு ஃபேன், நாலு லைட் என்றால் அது ராத்திரி பெரும்பகுதியை ஓட்டிவிடும். அந்த அனுபவத்தை வைத்து மெஷினும் அதேபோல் ஓடும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று சுமார் 350 வாட் எடுக்கும். அது நாலைந்து ஃபேன் ஒன்றாக ஓடுவதற்குச் சமம்.

பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பது, 20 மணி நேரம் மெல்ல மெல்ல, அதாவது 7.5 ஆம்பியரில் இறக்கினால் கிடைக்கும் அளவு. மெஷின் ஓடும்போது பேட்டரியிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் போகிறது. வேகமாக இறக்கினால் பேட்டரி தன் முழு அளவையும் கொடுக்காது. புது பேட்டரி என்றாலே இரண்டரை, மூன்று மணி நேரம்தான். மூன்று வருடம் பழகிய பேட்டரி ஒன்றரை மணி நேரத்திலேயே கைவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 5 மணிக்குக் கொடுக்கிறார்களே, அந்தச் சாதாரண நாளுக்கே இது போதாது.

இதை ஊகிக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்துவிடலாம். நோயாளிக்கு மெஷின் தேவைப்படாத நேரமாகப் பாருங்கள். முழு நேரமும் தேவைப்படுபவர் என்றால், நிரப்பிய சிலிண்டருக்கு மாற்றிவிட்டு ஒருவர் கூடவே இருங்கள். பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது மெயினை அணைத்து, மெஷினை மட்டும் ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் எச்சரிக்கைச் சத்தம் போடும்வரை எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி மெஷின்மேலேயே ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள்.

அந்தச் சோதனையில் வேறு சில குறைகளும் வெளியே வரும். மெஷின் செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனிலேயே இல்லை என்பது பல வீடுகளில் அப்போதுதான் தெரியும். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இல்லை என்றால் மெஷினின் மோட்டார் ஒரு மாதிரி உறுமும், சூடாகும். அதில் தொடர்ந்து ஓட்டக்கூடாது. 10 லிட்டர் மெஷின் 500 வாட்டைத் தாண்டும் என்பதால், சிறிய இன்வெர்ட்டர் அதைக் கிளப்பும்போதே ஓவர்லோடு காட்டி நின்றுவிடலாம்.

இன்னொரு நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். "2 லிட்டரை 1 லிட்டராகக் குறைத்தால் பேட்டரி இரண்டு மடங்கு தாங்கும்" என்று சொல்வார்கள். வீட்டில் வைக்கும் பெரும்பாலான மெஷின்களில் கம்ப்ரஸர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. குமிழைத் திருகினால் மூக்குக்குப் போகும் அளவு குறையுமே தவிர, கரண்ட் செலவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நோயாளிக்கு ஆக்சிஜன் குறைவதுதான் மிச்சம். மூச்சுத் திணறுகிறது என்று நாமாகக் கூட்டுவதும் தவறு. இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மேல் போனால் கரியமில வாயு உடம்பில் தேங்கி, தூக்கம் தூக்கமாக வந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆக்ஸிமீட்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இருக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

அடுத்தது சிலிண்டர். கரண்ட் தேவையில்லாத ஒரே துணை அதுதான். அதை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனோம். கணக்கு சுலபம். வீடுகளுக்குக் கிடைக்கும் பி டைப் சிலிண்டரின் உள் கொள்ளளவு 10 லிட்டர். மீட்டர் பார் கணக்கில் காட்டும் எண்ணை 10-ஆல் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று வரும். அதை நிமிடத்துக்குப் போகும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் என்று வரும். நிரம்பிய சிலிண்டர் 150 காட்டும், அதாவது 1500 லிட்டர். 2 லிட்டர் வீதம் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். அன்று எங்கள் மீட்டரில் இருந்தது 60. 600 லிட்டர், 300 நிமிடம், சரியாக ஐந்து மணி நேரம். ராத்திரி பன்னிரண்டுக்குத் திறந்தது ஐந்து மணிக்குத் தீர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. முள் 20-க்கு வந்ததும் அடுத்த சிலிண்டருக்கு மாறிவிடுவது நல்லது.

மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசியிலேயே, நிரப்பி வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு நிரப்பும் இடத்தில் கூட்டம் இருக்கும். ரெகுலேட்டர், வால்வைத் திறக்கும் சாவி, இடையில் போடும் வாஷர் மூன்றையும் ஒரே பையில் போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிடுங்கள். வாஷர் இல்லாமல் மாட்டினால் உஸ்ஸென்று கசிந்துகொண்டே இருக்கும். இருட்டில் தேட முடியாத அளவு சிறிய பொருள் அது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் மாற்றத் தெரிந்தால் போதாது, இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். திருகு இறுகிக்கொண்டது என்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ போடவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயில் பட்டால் தீப்பிடிக்கும்.

தீ என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கரண்ட் போனதும் நம் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். மெழுகுவர்த்தி, சிம்னி விளக்கு, ஃபேன் நின்றதால் கொசுவர்த்திச் சுருள், கார்த்திகை மாதம் என்றால் அகல் விளக்கு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது தேங்கிய போர்வை, தலையணை, தலைமுடி எல்லாம் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் போகும் அறையில் எந்த நெருப்பும் வேண்டாம். சார்ஜ் விளக்கும் கொசுவலையும் போதும். மூக்குக் குழாயைக் கழற்றிப் படுக்கையில் போடும்போது சிலிண்டரையும் மூட வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால், மழைக்குப் பயந்து திண்ணையிலோ கூடத்திலோ வைத்துவிடாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, உறங்குகிறவர்களை எழுப்பாது.

இப்போது மொத்தத்தையும் கூட்டுங்கள். பேட்டரி இரண்டரை மணி நேரம். முள் 20-க்கு வரும்வரை ஓட்டினால் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய பதினோரு மணி நேரம், இரண்டு என்றால் இருபத்திரண்டு. ஆக, ஒரு நாள். கஜாவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. வீட்டில் வைத்திருப்பதைக் கொண்டு புயலைத் தாண்ட முடியாது. அது ஆஸ்பத்திரிக்கோ பாதுகாப்பான ஊருக்கோ போய்ச் சேரும்வரை தாங்குவதற்குத்தான். நாங்கள் செய்த பெரிய தவறே கிளம்பாமல் இருந்ததுதான். "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். இப்போது எங்கள் வீட்டில் ஒரே விதி. எங்கள் மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் வந்தால், காற்று கிளம்புமுன், முந்தைய நாள் பகலிலேயே அம்மாவை திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். மெஷினைக் காரில் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டிக்கொள்வோம், சிலிண்டர் உருளாமல் கட்டி ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைப்போம். போக இடம் இல்லாதவர்கள் ஜெனரேட்டர் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கும் மருந்தில் நடக்கும் தவறு இதற்கு நேர்மாறானது, அவசரப்படுவது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம்போல் குளிர்ச்சி நிற்கும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் குப்பியில் பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம்வரை வெளியிலேயே இருக்கலாம், அட்டையில் போட்டிருக்கும். மூடிய டப்பாவில் வைத்து ஈர மணல் உள்ள மண்பானைக்குள் இறக்கினால் போதும். ஐஸ் கட்டியின்மேல் நேராக வைத்துவிடுவதுதான் கெடுக்கிறது. உறைந்துபோன இன்சுலினை, உருகி நன்றாகத் தெரிந்தாலும், போடக்கூடாது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசிக்கு இந்த மண்பானை போதாது, 2 முதல் 8 டிகிரி வேண்டும். அதைப் புயலுக்கு முன்பே டயாலிசிஸ் நடக்கும் இடத்தில் கொடுத்து வைக்கக் கேளுங்கள்.

டயாலிசிஸ் உள்ளவர்கள் எச்சரிக்கை வந்ததுமே அடுத்த முறையை ஒரு நாள் முன்கூட்டியே செய்துவிடக் கேட்க வேண்டும். பாதை அடைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. அப்புறம், நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. கஜாவில் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. தெருவெங்கும் இளநீர். வந்தவர் போனவரெல்லாம் அன்போடு வெட்டிக் கொடுத்தார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. வேலை செய்யும் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸ் நோயாளியின் உடம்பில் அது அப்படியே தங்கி, இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். அதுவும் ஒரு முறை டயாலிசிஸ் தவறிய நேரத்தில். வாழைப்பழமும் அப்படித்தான். நிவாரணத்தில் வரும் ஊறுகாய், உப்பு பிஸ்கட் தாகத்தைக் கூட்டும், குடிக்கும் தண்ணீர் அளவை மீற வைக்கும். கை கால் தளர்ந்துபோனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காலை விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், "டயாலிசிஸ் தவறிப்போயிருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.