சாம்பிள் எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஒரு நிறுவனத்தில் தணிக்கை செய்கிறீர்கள். வாடிக்கையாளர் தர வேண்டிய தொகையைக் குறைத்துப் போடும் கிரெடிட் நோட் ஒவ்வொன்றுக்கும் மேலாளர் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கணக்குத் துறையிடம் ஆண்டு முழுவதற்குமான பட்டியலைக் கேட்கிறீர்கள். சிஸ்டத்திலிருந்து எடுத்த எக்ஸெல் ஃபைல் வருகிறது, 4,218 வரிகள். அதில் 25 எடுக்கிறீர்கள். 25-க்கும் ஒப்புதல் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத நோட் எதுவும் அந்த 25-இல் விழ வாய்ப்பே இல்லை. அதனால்தான் நிறுவனம் தரும் தகவலைப் பயன்படுத்தும்போது அதன் முழுமைக்கும் துல்லியத்துக்கும் சான்று தேடச் சொல்கிறது தணிக்கைத் தரநிலை ஐஎஸ்ஏ 500.

இதில் அதிகம் நடக்கும் தவறு, திசை மாறிப்போவது. ரிப்போர்ட்டிலிருந்து ஐந்து வரிகளை எடுத்து, அவை சிஸ்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 'முழுமை சரிபார்க்கப்பட்டது' என்று ஒர்க்கிங் பேப்பரில் எழுதிவிடுவார்கள். அந்தச் சோதனை காட்டுவது துல்லியத்தை மட்டும்தான். முழுமை வேண்டுமென்றால் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். கிடங்கில் உள்ள சரக்குத் திருப்பச் சீட்டையோ வாடிக்கையாளரின் புகார்க் கடிதத்தையோ எடுத்து, அதற்குரிய கிரெடிட் நோட் பட்டியலில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பட்டியலின் கூட்டுத்தொகை லெட்ஜரோடு ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பது. நம் 4,218 வரிகளின் தொகையும் லெட்ஜர் நிலுவையோடு காசு பிசகாமல் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது எண்களைப் பாருங்கள். முதல் நோட் 70001, கடைசி நோட் 74254. அப்படியானால் 4,254 எண்கள் இருக்க வேண்டும். 36 குறைகின்றன.

விசாரித்தால், 5 எண்கள் எந்த நோட்டுக்கும் போகவே இல்லை. சிஸ்டம் எண்களைக் கொத்தாக எடுத்து நினைவகத்தில் வைத்திருக்கும்; சர்வர் நின்றுபோனால் மிச்சமிருந்தவை வீணாகும். அது தவறல்ல. ஆனால் அதை வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், அந்த எண்களுக்குப் பதிவே இல்லை என்பதை டேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி 31 நோட்டுகள், போட்டு அதே ஆண்டில் ரத்து செய்யப்பட்டவை. போட்ட பதிவும் ரத்துப் பதிவும் ஒன்றையொன்று அடித்துவிட்டதால் லெட்ஜரில் அவற்றின் நிகரத் தொகை பூஜ்யம். ரிப்போர்ட் எடுத்தவர் நிலை என்ற இடத்தில் 'நடப்பு' என்று மட்டும் தேர்ந்திருக்கிறார். மொத்தம் பொருந்தியது, ஆனால் நாம் பார்க்க வந்தது தொகையை அல்லவே, ஒப்புதலை!

ஆகவே ஃபில்டரைப் பார்க்காமல் ஃபைலை மட்டும் வாங்கிக்கொள்வதும் தவறுதான். ரிப்போர்ட் எடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கிளை, எந்த நிலை, எந்தத் தேதி என்று தேர்வுத் திரையைப் படமெடுத்து வையுங்கள். நோட்டின் தேதியா, பதிவுத் தேதியா, உள்ளிட்ட தேதியா என்பதைப் பொறுத்து ஆண்டின் ஓரங்களில் பட்டியல் மாறும். திரையில் தெரிந்த வரிகளின் எண்ணிக்கையை எக்ஸெலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நடுவில் யாராவது கைவைத்தாலோ ஏற்றுமதியில் வெட்டுப்பட்டாலோ அங்கேதான் தெரியும். எஸ்ஏபியில் டேபிளை நேரடியாக எடுப்பவர்கள் SE16 வழக்கமாக 200 வரிகளிலும், SE16N 500 வரிகளிலும் நின்றுவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய .xls ஃபைல் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. எண்ணிக்கை சரியாக இப்படி ஓர் எல்லையில் வந்து நின்றால் அது தற்செயலாக இருக்காது.

துல்லியத்தில் ஒரு வலையும் இருக்கிறது. பட்டியலிலேயே 'ஒப்புதல் அளித்தவர்' என்று ஒரு பத்தி இருக்கும், பார்க்க வசதியாக. நிறுவனம் தனக்கென எழுதிக்கொண்ட ரிப்போர்ட்டுகளில் அந்தப் பத்தி, அன்று பட்டனை அழுத்தியவரிடமிருந்து வராமல், அந்தத் துறையின் இன்றைய மேலாளர் பெயரிலிருந்து வருவதுண்டு. அப்படியானால் ஒப்புதலே இல்லாத நோட்டிலும் ஒரு பெயர் இருக்கும். சில வரிகளை ஒப்புதல் லாக்கில் நேரடியாகப் பார்த்து, ஆளும் நேரமும் பொருந்துகின்றனவா என்று சோதியுங்கள். ரிப்போர்ட்டின் குவெரியையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். போன வருடம் பார்த்தாயிற்று என்று விடுவதென்றால், அதன்பின் குவெரி மாறவில்லை என்பதற்காவது சான்று வேண்டும்.

சரி, அந்த 31-ஐ என்ன செய்வது? மொத்தம் 4,249 என்று திருத்திவிட்டு, மறுபடி 25 எடுத்தால் அவற்றில் ஒன்றுகூட விழாமல் போகலாம். ரத்தானவை வேறு வகை. ஒப்புதல் இல்லாமல் போட்டுவிட்டு, கேள்வி வந்ததும் ரத்து செய்திருக்கக்கூடும். எண்ணிக்கையும் குறைவு என்பதால் நான் அவற்றைத் தனியாகப் பிரித்து, 31-ஐயும் பார்ப்பேன்.