குன்னூர் சலூனில் தலை கழுவும் தண்ணீரும் கரண்டும்

மலைக்கடையில் கரண்டும் தண்ணீரும் சேர்ந்து வீணாகிற இடம் தலை கழுவும் பேசின். பலரும் சொல்வதைக் கேட்டு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்காதீர்கள். கீழ்நாட்டில் அது போதும். இங்கே குழாய்த் தண்ணீர் 14 டிகிரி இருக்கும் காலையில், 3 கிலோவாட் கீசரால் நிமிடத்துக்கு 2 லிட்டர்கூட 38 டிகிரிக்குத் தொடர்ந்து சூடாக்க முடியாது. பாதி அலசலிலேயே கஸ்டமர் தலையில் பச்சைத் தண்ணீர் விழும்.

நான் 15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசரையே வைத்துக்கொண்டு, அதை பேசினுக்கு மேல் சுவரில் மாட்டினேன். முன்பு முக்கால் அங்குலக் குழாய் 8 மீட்டர் ஓடியது. அதற்குள் நிற்பதே 2 லிட்டர். ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய் சாக்கடைக்குப் போனது. இப்போது ஒரு மீட்டர் அரை அங்குலக் குழாய், அதன்மேல் ஃபோம் உறை. தெர்மோஸ்டாட் 60-இல். ஆறிய டேங்க் சூடாக 25 நிமிடம் ஆகும். அதனால் முதல் கஸ்டமருக்கு அரைமணி முன்னால் போட்டால் போதும்.

ஷாம்பு தேய்க்கும்போது தண்ணீரை நிறுத்த, விரலால் அழுத்தும் ஸ்ப்ரே மாட்டினேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. மிக்ஸர் திறந்திருக்க ஸ்ப்ரே மட்டும் மூடினால், அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து மறுபக்கக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும். பச்சைத்தண்ணீர்க் குழாய் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் காரணம். இரண்டு குழாயிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மறுபடி திறக்கும்போது முதல் பீய்ச்சலை மணிக்கட்டில் பார்த்துவிட்டே தலையில் விடவேண்டும்.

முடியைக் கையால் நன்றாகப் பிழிந்தபின் டவல் சுற்றினால் ஒரே டவல் போதும், டிரையரும் குறைந்த நேரமே ஓடும். மழைக்காலத்தில் டவல் காயாத ஊரில் இது பெரிய லாபம்.