வாட்ஸ்அப்பில் வந்த ஜாதகப் படத்தை வாசித்து, வெளிநாட்டுச் சம்பந்தி வீட்டாருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண்ணின் ஜாதகம் போகும்போது பெரும்பாலும் ஒரு பழைய நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்துத்தான் அனுப்புகிறோம். அங்கே தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அதை இணையத்தில் பொருத்தம் பார்க்கப் போட வேண்டும். நட்சத்திரம் எது, ராசி எது, எந்தக் கிரகம் எத்தனையாம் இடத்தில் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பார்கள். ஜோதிடம் படிக்காதவரும் இதைச் சரியாகச் செய்யலாம். நம் மாவட்டத்து ஜாதகங்களில் மட்டும் ஒன்றிரண்டு இடங்களில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரி ஜாதகத்தை எடுத்துக்கொள்கிறேன். கொல்லம் ஆண்டு 1170, தை மாதம், அனுஷம் 2-ஆம் பாதம், உதயாதி 5 நாழிகைக்குப் பிறந்த பெண்.

முதலில் எந்தக் கட்டம் என்று பாருங்கள்

பக்கத்தில் இரண்டு சதுரங்கள் இருக்கும். நடுவில் ‘ராசி’ என்று எழுதியதுதான் நமக்கு வேண்டியது. ‘அம்சம்’ என்று இருப்பது நவாம்சம். அவசரத்தில் அதை வாசித்தால் எல்லாமே தப்பாகிவிடும். படத்தில் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்த்து, ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் வேறு படம் கேளுங்கள்.

நம் கட்டத்தில் ராசிகளின் இடம் மாறாது. மேல் வரிசையில் இடது மூலை மீனம், அடுத்து மேஷம், ரிஷபம், வலது மூலையில் மிதுனம். அங்கிருந்து கீழே இறங்கினால் கடகம், சிம்மம், வலது கீழ் மூலையில் கன்னி. கீழ் வரிசையில் வலமிருந்து இடமாகத் துலாம், விருச்சிகம், இடது மூலையில் தனுசு. பிறகு மேலே ஏறினால் மகரம், கும்பம். ‘ல’ என்று எழுதியிருக்கும் கட்டம் லக்னம். நம் ஜாதகத்தில் அது கும்பத்தில் இருக்கிறது.

அடுத்து, தேதியும் நேரமும்

திருவிதாங்கூரோடு இருந்த ஊர்கள் என்பதால் நம் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அது ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். தை மாதம் ஜனவரி நடுவில் பிறப்பதால் 1170 தை என்பது 1995. நாழிகைக்கு 24 நிமிடம். 5 நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து 2 மணி நேரம். ஜனவரி கடைசியில் நாகர்கோவிலில் உதயம் காலை 6.40 வாக்கில். ஆக, பிறந்தது 8.40 வாக்கில்.

கிரக எழுத்துகள்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

கணினியில் எடுத்த ஜாதகத்தில் சூரி, சந், செவ் என்று தெளிவாக இருக்கும். கையெழுத்து ஜாதகத்தில் ஒற்றை எழுத்துதான். அதிலும் மலையாள வழக்கம் கலந்து வரும்: ர என்றால் ரவி, அதாவது சூரியன், ம என்றால் மந்தன், அதாவது சனி, சி என்றால் சிகி, அதாவது கேது, மா என்றால் மாந்தி. செவ்வாய்க்குக் குஜன் என்று பெயர் இருப்பதால் ‘கு’ என்று போடுவார்கள். குருவுக்கும் ‘கு’தான்! மலையாளத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு; தமிழில் ஒன்றாகிவிடுகிறது. நம் ஜாதகத்திலும் சிம்மத்தில் ஒரு ‘கு’, விருச்சிகத்தில் ஒரு ‘கு’. எது செவ்வாய்?

பக்கத்தின் கீழே கிரக ஸ்புடம் என்று பாகை, கலைக் கணக்கு இருந்தால் அதில் பெயர் முழுதாக இருக்கும். இல்லையென்றால் அதே காலத்தை ஒட்டிப் பிறந்த உறவினர் ஒருவரின் அச்சிட்ட ஜாதகத்தை எடுங்கள். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓர் ஆண்டு இருப்பார். செவ்வாய் சாதாரணமாக ஒன்றரை மாதத்தில் நகர்ந்துவிடுவார். 1995 ஜனவரியில் குரு விருச்சிகத்தில்தான் இருந்தார். அப்படியானால் சிம்மத்தில் இருப்பது செவ்வாய். இலவச ஜாதக மென்பொருளில் தேதி, நேரம், ஊர் கொடுத்தும் ஒப்பிட்டுவிடுங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்று கணக்கு வேறுபடுவதால் ராசியின் ஓரத்தில் நிற்கும் கிரகம் பக்கத்துக் கட்டத்துக்கு மாறிக் காட்டலாம்; அப்போது நோட்டில் உள்ளதையே எழுதி, வேறுபாட்டையும் குறிப்பிடுங்கள்.

எழுத்துகளைச் சரியாக வாசித்தோமா என்று கட்டமே சொல்லும். சூரியன் தமிழ் மாதத்துக்குரிய ராசியில் நிற்க வேண்டும்: தைக்கு மகரம். புதன் சூரியனோடு அல்லது பக்கத்துக் கட்டத்தில் இருப்பார். சுக்கிரன் இரண்டு கட்டத்துக்கு மேல் விலக மாட்டார். ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரே. நம் ஜாதகத்தில் ராகு துலாத்தில், கேது மேஷத்தில். சூரியனும் புதனும் மகரத்தில், சுக்கிரன் விருச்சிகத்தில், சனி கும்பத்தில். எல்லாம் பொருந்துகிறது. அனுஷத்துக்குப் பிறப்பில் சனி தசை. கீழே ‘சனி தசை இருப்பு’ என்று இருந்தால் நட்சத்திரமும் சரி.

இப்போது ஆங்கிலம்

நட்சத்திரத்தைத் தமிழ்ப் பெயரோடு வடமொழிப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அனுஷம் என்பதைப் பொருத்தத் தளங்கள் Anuradha என்றுதான் கேட்கும். உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூன்றும் முறையே Uttara Phalguni, Uttara Ashadha, Uttara Bhadrapada. வெறுமனே Uttara என்று எழுதினால் எது என்று அங்கே தெரியாது. பாதத்தையும் விடாதீர்கள். விசாகம் முதல் மூன்று பாதம் துலாம், நான்காம் பாதம் விருச்சிகம்.

ராசி என்று நாம் சொல்வது சந்திரன் நிற்கும் ராசி. அங்குள்ளவர்கள் ‘சைன்’ என்றால் சூரியனை வைத்து, அதுவும் மேல்நாட்டுக் கணக்கில் நினைப்பார்கள். ஜனவரி கடைசியில் பிறந்த இந்தப் பெண்ணை அவர்கள் அக்வேரியஸ் என்பார்கள்; நாம் ஸ்கார்ப்பியோ என்று எழுதினால் தேதி தப்பு என்று சந்தேகம் வரும். இரண்டு கணக்குக்கும் இப்போது 24 பாகை அளவுக்கு வித்தியாசம். நம்முடைய கணக்கு sidereal. அந்தச் சொல்லையும், Moon sign என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.

வீடு என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘குரு செவ்வாய் வீட்டில்’ என்று நோட்டில் இருந்தால், செவ்வாய் ஆளும் விருச்சிக ராசியில் என்று அர்த்தம். ஹவுஸ் என்று எழுத வேண்டியது லக்னத்திலிருந்து எண்ணும் இடத்தைத்தான். லக்னக் கட்டத்தையே ஒன்று என்று வைத்து, கடிகார முள் போகும் திசையில் எண்ணுங்கள். கும்பம் 1, மீனம் 2, இப்படியே போனால் சிம்மம் 7, விருச்சிகம் 10.

```
Birth star: Anusham / Anuradha, pada 2
Rasi = Moon sign: Scorpio, sidereal
Lagna = rising sign: Aquarius
Mars: Leo, 7th house from Lagna
Jupiter, Venus, Moon: Scorpio, 10th house
```

7-இல் செவ்வாய் என்றதும் செவ்வாய் தோஷம் என்று நீங்களே எழுதிவிட வேண்டாம். லக்னம், சந்திரன், சுக்கிரன் என்று எதிலிருந்து எண்ணுவது, எந்த நிலையில் விலக்கு என்பதில் ஜோதிடருக்கு ஜோதிடர் முறை மாறும். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியால் நல்ல சம்பந்தம் நின்றுபோகக் கூடாது. கிரகம் நிற்கும் இடத்தை மட்டும் எழுதி, தெளிவான மூலப் படத்தையும் கூடவே அனுப்பினால் அவர்கள் வீட்டு ஜோதிடர் பார்த்துக்கொள்வார்.