பூசுவதற்கு முன் பைப் சோதனை: முள் அசையாததை நம்பாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு புது வீட்டில், வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், தண்ணீர் பைப்பில் மாட்டியிருந்த அழுத்தக் கேஜைக் காட்டி, "அண்ணே, ராத்திரி முழுக்க 10 பார், முள்ளு அசையவே இல்ல" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் பெருமையாக நின்றேன்.

மூடிக்கிடந்த ஸ்டாப் காக்

அன்று சமையலறைப் பக்கம் கை பம்பை மாட்டித் தண்ணீர் நிரப்பினேன். அங்கிருந்த வாய் வழியாகவே காற்றை வெளியேற்றி 10 பாருக்கு ஏற்றினேன். காலையில் முள் அதே இடத்தில் இருந்தது. சரி என்று பூசச் சொல்லிவிட்டேன். பின்கட்டுக் குளியலறைக்குப் போகும் ஸ்டாப் காக்கை முந்தின நாள் யாரோ மூடி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நான் சோதித்தது சமையலறையை மட்டும்தான்!

மூன்று மாதம் கழித்து, குளியலறைக்கு அடுத்த படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்தது. டைல்ஸை உடைத்துப் பார்த்தால், சூடாக்கி ஒட்டும் பிபிஆர் பிளாஸ்டிக் பைப்பின் எல்போ ஒன்று சரியாகச் சூடேறாமல் ஒட்டியிருந்தது. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்காததால் ஒரு சுவர் முழுவதையும் என் காசில் மாற்றிக் கொடுத்தேன். இன்னும் எரிச்சல் போகவில்லை.

இப்போது ஒவ்வொரு கிளையின் கடைசி வாயிலும் பிளக்குக்குப் பதிலாக மலிவான குழாய் ஒன்றை மாட்டுகிறேன். நிரப்பும்போது எல்லாவற்றையும் திறந்து வைத்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே மூடுவேன். அழுத்தம் ஏறியதும் அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் துளி திறந்து பார்ப்பேன். தண்ணீர் அதிகம் சுருங்காது என்பதால், கொஞ்சம் வெளியேறினாலே முள் சட்டென்று விழ வேண்டும். தண்ணீர் சொட்டியும் முள் அசையாவிட்டால் நடுவில் எங்கோ அடைப்பு இருக்கிறது. விழுந்தால் மறுபடி ஏற்றிவிட்டு அடுத்த கிளைக்குப் போவேன்.

சுடுதண்ணீர் லைன்

ஹீட்டர் மாட்டாத வரை அது தனியாகத் துண்டிக்கப்பட்டே கிடக்கும். ஹீட்டர் இடத்தில் இரண்டு வாய்களையும் ஒரு வளையும் ஹோஸால் இணைத்தால்தான் அதுவும் சோதனைக்குள் வரும்.

முதல் இறக்கத்தில் பயப்படுவது

பிபிஆர் பைப் அழுத்தத்தில் லேசாக விரிவதால் முதல் அரைமணியில் முள் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றுங்கள். அதன்பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் மூட்டுகளைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தேடுங்கள். வெயில் சுடும் சுவரில் மதியம் பார்க்காதீர்கள். பைப் சூடேறினால் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

தொட்டித் தண்ணீரை மட்டும் நம்புவது

மூன்று மீட்டர் உயரத் தொட்டி 0.3 பார்தான் தரும். அதில் சின்னக் கசிவு பலவும் வாய் திறக்காது.

பூசும்போது கேஜைக் கழற்றுவது

வேண்டாம். 3 பாரில் விட்டு வையுங்கள். பூசுகிறவர் உளியைப் பைப்பில் போட்டுவிட்டால், அவர் சொல்லாவிட்டாலும் கேஜ் சொல்லிவிடும்.