ரியாதிலிருந்து மக்காவுக்குக் காரில் போகிறவர் எப்படித் தொழுவது: கஸ்ர், ஜம்உ, தயம்மும் செய்முறை

பயணத் தொழுகையின் சட்டங்களை ஓர் உண்மையான வழித்தடத்தில் வைத்துப் பார்த்தால் புதியவர்களுக்கு எளிதாகப் பிடிபடும். ரியாதில் வேலை செய்யும் நம்மவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே காரில் உம்ராவுக்குப் புறப்படுவது வழக்கம். மக்காவுக்கு ஏறத்தாழ 870 கி.மீ. பெரும்பகுதி பாலைவனம். வியாழன் காலை 11 மணிக்குக் கிளம்பி, வெள்ளியும் சனியும் மக்காவில் இருந்துவிட்டு ஞாயிறு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை ஷாஃபிஈ மத்ஹபின்படி. ஹனஃபிகளுக்கு முக்கியமாக மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

எங்கிருந்து முஸாஃபிர்?

போகும் தூரம் குறைந்தது ஏறத்தாழ 80 கி.மீ. இருந்தால் கஸ்ர் செய்யலாம், அதாவது தொழுகையைச் சுருக்கலாம். மக்கா பயணத்துக்கு அந்தச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டு வாசலிலேயே கஸ்ர் தொடங்கிவிடாது. ஊரின் கட்டடங்களைக் கடந்த பிறகுதான் தொடங்கும். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வீட்டிலேயே லுஹரை இரண்டாகத் தொழுதால் அது கூடாது. நம் கணக்கில் 12 மணி சுமாருக்கு லுஹர் வக்து வரும்போது கார் ரியாதைத் தாண்டியிருக்கும். அதனால் லுஹரை வழியில் தொழுதுகொள்ளலாம்.

நான்கு ரக்அத் உள்ள லுஹர், அஸர், இஷா மூன்றுதான் இரண்டாகச் சுருங்கும். மஃக்ரிப் மூன்றாகவே இருக்கும், சுபுஹு இரண்டாகவே இருக்கும். பகைவர் பயம் இருக்கும்போது சுருக்கலாம் என்றுதானே குர்ஆன் (4:101) சொல்கிறது, இப்போது பயம் இல்லையே என்று யஃலா இப்னு உமைய்யா (ரலி) உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். தாமும் இதையே நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாகவும், "அது அல்லாஹ் உங்களுக்குத் தந்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்ததாகவும் உமர் (ரலி) சொன்னார்கள். ஏ.சி. காரில் சொகுசாகப் போகிறவருக்கும் கஸ்ர் உண்டு என்பதற்கு இதுதான் ஆதாரம். இவ்வளவு நீண்ட பயணத்தில் முழுதாகத் தொழுவதைவிடச் சுருக்கித் தொழுவதே ஷாஃபிஈயிலும் சிறந்தது. ஹனஃபியில் அது வாஜிப்.

முதல் நிறுத்தம்: லுஹரோடு அஸர்

மதியம் 1 மணிக்கு ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில் சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. உளூ செய்துகொண்டு லுஹரையும் அஸரையும் லுஹர் வக்திலேயே சேர்த்துத் தொழப் போகிறோம். முற்படுத்திச் சேர்ப்பதால் இதற்கு ஜம்உ தக்தீம் என்று பெயர்.

லுஹரைத்தான் முதலில் தொழ வேண்டும். தக்பீர் கட்டும்போதே, "லுஹருடைய பர்ளை அஸரோடு சேர்த்து, இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுகிறேன்" என்று நிய்யத் வைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு நிய்யத்துகள் இருக்கின்றன. சுருக்குகிறேன் என்ற நிய்யத் தக்பீரோடு வந்தே ஆக வேண்டும். அது விட்டுப்போனால், அல்லது வைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால், நான்கு ரக்அத் தொழ வேண்டியதுதான். சேர்க்கிறேன் என்ற நிய்யத்துக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. லுஹரின் ஸலாமுக்குள் மனதில் வந்துவிட்டால் போதும். ஸலாம் கொடுத்த பிறகு, "சரி, அஸரையும் தொழுதுவிடுவோமே" என்று நினைத்தால் அந்த ஜம்உ கூடாது. புதியவர்களுக்குத் தொழுகை வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

லுஹருக்கு ஸலாம் கொடுத்ததும் இகாமத் சொல்லி அஸரைத் தொடங்குங்கள். இரண்டுக்கும் நடுவே சுன்னத் தொழக் கூடாது, டீ குடிக்கப் போகக் கூடாது. சுருக்கமாக இரண்டு ரக்அத் தொழும் நேரத்துக்கு மேல் இடைவெளி போனால் ஜம்உ முறிந்துவிடும், அஸரை அதன் வக்தில்தான் தொழ வேண்டும். அஸருக்கும் தக்பீரில் கஸ்ர் நிய்யத் தனியாக வேண்டும்.

நீங்கள் போகும்போது அந்தப் பள்ளியில் ஜமாஅத் நடந்துகொண்டிருந்தால் இமாமைக் கவனியுங்கள். அவர் உள்ளூர்க்காரர் என்றால் அவர் பின்னால் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். கடைசி இருப்பில் போய்ச் சேர்ந்திருந்தாலும் நான்குதான். அவர் பயணியா உள்ளூர்க்காரரா என்று தெரியாவிட்டாலும் முழுதாகத் தொழுவதாகவே நிய்யத் வையுங்கள். லுஹரை இப்படி நான்காகத் தொழுதாலும், ஸலாமுக்குள் ஜம்உ நிய்யத் வைத்திருந்தால், அடுத்து அஸரை நீங்களாகவே இரண்டாகச் சுருக்கிச் சேர்க்கலாம்.

காரில் ஹனஃபிகள் இருப்பார்கள். அவர்கள் மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் ஒரு வக்தின் தொழுகையை இன்னொரு வக்துக்கு மாற்ற முடியாது. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதால் அவர்களுக்கும் ஒரே நிறுத்தத்தில் முடிந்துவிடும். நண்பர்கள் இரண்டு மத்ஹபிலும் இருந்தால் கிளம்பும்போதே நிறுத்தங்களைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மஃக்ரிபை இஷாவுக்குத் தள்ளுதல்

சூரியன் மறையும்போது கார் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது நிறுத்த வசதியில்லை. மஃக்ரிபை இஷா வக்துக்குத் தள்ளி இரண்டையும் அங்கே தொழலாம். இது ஜம்உ தஃக்கீர். தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார்கள்.

இதில் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. "மஃக்ரிபை இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்" என்று மஃக்ரிப் வக்துக்குள்ளேயே மனதில் முடிவு செய்திருக்க வேண்டும். எதுவும் நினைக்காமல் தூங்கிப்போய் இஷாவில் எழுந்தால் மஃக்ரிப் களா ஆகிவிடும். போனில் மஃக்ரிப் பாங்கு கேட்ட உடனேயே நிய்யத்தை வைத்துவிடுங்கள், காரில் இருப்பவர்களுக்கும் சத்தமாக நினைவூட்டுங்கள். இஷா வக்து வந்ததும் மஃக்ரிப் மூன்று, பிறகு இஷா இரண்டு.

கார் நின்றுவிட்டது, தண்ணீர் இல்லை

இஷா நேரத்தில் பாலைவனத்தின் நடுவே கார் பழுதாகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பங்க் 20 கி.மீ. தள்ளி இருக்கிறது. நான்கு பேருக்கு இரண்டே பாட்டில் தண்ணீர். தண்ணீருக்குப் பதிலாக மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யலாமா?

முதலில் தண்ணீரைத் தேட வேண்டும். கூட இருப்பவர்களிடம் கேளுங்கள், டிக்கியைப் பாருங்கள், சுற்றுமுற்றும் பாருங்கள். ஏறத்தாழ 2½ கி.மீ.க்குள் தண்ணீர் இருப்பது உறுதியாகத் தெரிந்தால், ஆபத்து இல்லாதபட்சத்தில் போய் எடுக்க வேண்டும். 20 கி.மீ. என்றால் போக வேண்டியதில்லை. நியாயமான விலைக்குக் கிடைத்து, கையில் பணமும் இருந்தால் வாங்க வேண்டும். இருக்கிற தண்ணீர் உங்களுக்கோ கூட வந்தவர்களுக்கோ குடிக்கத் தேவை என்றால் அதை வைத்துக்கொண்டு தயம்மும் செய்யலாம்.

குடிக்கப் போக மிச்சம் இருக்கிறதா என்பதையும் நேர்மையாகக் கணக்கிடுங்கள். நபி (ஸல்) அவர்கள் முத்து என்ற அரபு முகத்தல் அளவில் ஒரு முத்துத் தண்ணீரில் உளூ செய்தார்கள். அது முக்கால் லிட்டருக்குள்தான் வரும். குழாயைத் திறந்துவிட்டே பழகியவர்களுக்கு ஒரு லிட்டர் பாட்டில் உளூவுக்குப் போதாது என்று தோன்றும், ஆனால் தாராளமாகப் போதும். மிச்சம் அரை டம்ளர்தான் என்றாலும் ஷாஃபிஈயில் முதலில் அதைக் கொண்டு முகத்திலிருந்து வரிசையாக முடிந்தவரை கழுவ வேண்டும், மீதி உறுப்புகளுக்காகத்தான் தயம்மும்.

மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது புழுதி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையை மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள். ரேகைகளில் மண் நிறம் படிந்திருந்தால் அந்த மண் ஆகும். காற்று சலித்துப்போட்ட வெறும் மணல் சர்க்கரை போலக் கையிலிருந்து உதிர்ந்துவிடும், தோலில் எதுவும் ஒட்டாது. அது ஷாஃபிஈக்குப் போதாது. ஈரச் சேறு, சாம்பல், புழுதி இல்லாத வழவழப்பான பாறை ஆகியவையும் ஆகாது. ஹனஃபியில் புழுதி இல்லாத கல்லும் செல்லும். இருட்டில் கீழே இறங்கப் பயமாக இருந்தால், மண் புழுதி படிந்த கார் சீட்டில் தட்டினாலும் சரி, புழுதி எழும்பினால் போதும்.

வக்து வந்த பிறகே தயம்மும் செய்ய வேண்டும். உடலில் நஜீஸ் இருந்தால் முன்னதாக நீக்கிவிடுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள்.

1. பிஸ்மி சொல்லி இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் தட்டுங்கள். தட்டும்போதே, "பர்ளு தொழுகையை ஆகுமாக்கிக்கொள்வதற்காகத் தயம்மும் செய்கிறேன்" என்று நிய்யத் வைத்து, முகத்தைத் தொடும் வரை அதை மனதில் வைத்திருங்கள். "தொடக்கை நீக்குகிறேன்" என்று நிய்யத் வைத்தால் கூடாது, ஏனென்றால் தயம்மும் தொடக்கை நீக்குவதில்லை, தொழ அனுமதி மட்டுமே தருகிறது.

2. அதிகப் புழுதியை ஊதிவிட்டு முகம் முழுவதும் தடவுங்கள். நெற்றி முடியிலிருந்து தாடைக்குக் கீழ் வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை. மூக்கு நுனிக்குக் கீழேயும் உதட்டுக்கு மேலேயும் பலர் விட்டுவிடுகிறார்கள். தாடியின் வேர் வரை மண் போக வேண்டியதில்லை.

3. விரல்களை விரித்து இரண்டாம் முறை தட்டுங்கள். இடது கை விரல்களை வலது கை விரல்களின் புறப்பக்கம் வைத்து முழங்கை வரை இழுங்கள். பிறகு இடது உள்ளங்கையைத் திருப்பி, கையின் உட்பக்கமாக மணிக்கட்டு வரை கொண்டுவந்து பெருவிரலையும் தடவுங்கள். இடது கைக்கும் இதேபோல். கடைசியில் உள்ளங்கைகளைத் தேய்த்து விரல்களைக் கோத்துவிடுங்கள்.

அம்மார் (ரலி) அவர்களின் ஹதீஸை வைத்து, ஒரே தட்டில் முகத்தையும் மணிக்கட்டு வரை கைகளையும் தடவுகிறவர்களும் உண்டு. குளிப்புக் கடமையான அவர் தண்ணீர் கிடைக்காததால் மண்ணில் புரண்டதும், இவ்வளவு செய்தாலே போதுமே என்று நபி (ஸல்) அவர்கள் செய்துகாட்டியதும் அதில் வருகிறது. குளிப்புக்குப் பதிலாகவும் இதே தயம்மும்தான்.

ஒரு தயம்முமுக்கு ஒரு பர்ளுதான். மஃக்ரிபைத் தொழுது ஸலாம் கொடுத்ததும் இஷாவுக்காக இன்னொரு தயம்மும் செய்ய வேண்டும். அதனால் ஜம்உ முறியாது. ஹனஃபியில் ஒரே தயம்மும் பல தொழுகைகளுக்குச் செல்லும்.

தொழுது முடித்த பிறகு மீட்பு வண்டி தண்ணீரோடு வந்தால் திரும்பத் தொழ வேண்டியதில்லை, ஏனென்றால் அது வழக்கமாகத் தண்ணீர் கிடைக்காத இடம். தொழத் தொடங்கும் முன்பே தண்ணீர் வந்துவிட்டால் தயம்மும் முறிந்துவிடும். ஊருக்குள், அல்லது வழக்கமாகத் தண்ணீர் வரும் ரயிலில், அன்றைக்கு மட்டும் குழாய் வறண்டதால் தயம்மும் செய்து தொழுதவர் ஷாஃபிஈயின்படி பிறகு உளூவோடு அதைத் திரும்பத் தொழ வேண்டும்.

மக்காவிலும் திரும்பும்போதும்

வந்த நாளையும் கிளம்பும் நாளையும் கழித்துவிட்டுத் தங்கும் நாட்களை எண்ணுங்கள். நான்கு முழு நாட்கள் தங்க நிய்யத் இருந்தால் மக்காவை அடைந்ததும் கஸ்ரும் ஜம்உவும் முடிந்துவிடும். ஹனஃபிக்கு 15 நாள் கணக்கு. நம் கணக்கில் வெள்ளியும் சனியும் மட்டுமே என்பதால் அங்கேயும் முஸாஃபிர்தான். ஆனாலும் ஹரமில் இமாமின் பின்னால் தொழும்போது நான்கே.

நீண்ட நாள் தங்கப் போகிறவர் மஃக்ரிபைத் தள்ளிவைத்திருந்தால், மக்காவுக்குள் நுழையும் முன்பே நிறுத்தி இரண்டையும் தொழுதுவிடுவது நல்லது. நுழைந்த பிறகு தொழுதால் மஃக்ரிப் களாவாகும், இஷா நான்காகிவிடும்.

ஞாயிறு திரும்பி வரும்போது ரியாதின் எல்லைக்குள் வந்ததும் கஸ்ர் முடிகிறது. பயணத்தில் விட்டுப்போன தொழுகையைப் பயணத்திலேயே களா செய்தால் இரண்டு ரக்அத், வீட்டுக்கு வந்த பிறகு செய்தால் நான்கு. வீட்டில் இருந்தபோது விட்டதைப் பயணத்தில் களா செய்தாலும் நான்குதான்.